மின்னஞ்சலில் உரத்த குரல் எதற்கு?

(ஆசிரியர் பயிற்சிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அண்மையில் எனக்கு வந்த ஒரு மின்னஞ்சலை அப்படியே வாசிக்கிறேன்.

பொருள்: அவசரம்!!! மிக மிக அவசரம்!!! 🔥🔥
இதுவரை பட்டியல் அனுப்பாத பள்ளிகள் உடனடியாக இன்றே அனுப்பவும்!!! இதுவே இறுதி நினைவூட்டல்!!! 🙏🙏⚠️

முழுவதும் தடித்த எழுத்து. எந்தப் பட்டியல்? எத்தனை மணிக்குள்? யாருக்கு? மூன்றுக்கும் இதில் விடை இல்லை. இப்படிப்பட்ட மடல்களைத் திருத்த நான் செய்யும் முதல் வேலை, குறிகளை எல்லாம் நீக்கிவிட்டு மிஞ்சியதைப் படிப்பதுதான். ஜிமெயிலில் வரிகளைத் தெரிவு செய்து Ctrl + \ அழுத்தினால் தடிப்பும் வண்ணமும் போய்விடும். வியப்புக்குறிகளையும் எமோஜிகளையும் கையால் அழிக்க வேண்டும். மிஞ்சிய வரியில் செய்தி இல்லையென்றால், குறிகள் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தன என்று பொருள்.

ஆங்கிலத்தில் முழுவதும் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவதாகக் கொள்வார்கள். நீண்ட வரிகளை அப்படிப் படிப்பதும் கடினம். பொருள் வரி அப்படி இருந்தால் குப்பை அஞ்சலை வடிகட்டும் மென்பொருள்கள் சில அதை ஐயத்தோடு பார்க்கும். தமிழில் பெரிய எழுத்து இல்லை. அழுத்தம் தர வேறு வழி உண்டு. 'இன்றே' என்பதில் உள்ள தேற்ற ஏகாரத்தை நாம்தானே வகுப்பில் நடத்துகிறோம்? அந்த ஏகாரம் சொல்லிவிட்டதை மூன்று வியப்புக்குறிகள் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மடலை நான் இப்படி மாற்றுவேன்.

பொருள்: 8ஆம் வகுப்பு உதவித்தொகைத் தேர்வுப் பட்டியல் – இன்று மாலை 4 மணிக்குள்

வணக்கம். உதவித்தொகைத் தேர்வுக்கு விண்ணப்பித்த மாணவர் பட்டியல் 3 பள்ளிகளிலிருந்து வர வேண்டியுள்ளது. இணைப்பிலுள்ள படிவத்தை நிரப்பி, இன்று மாலை 4 மணிக்குள் இதே முகவரிக்கு அனுப்பவும். ஏற்கெனவே அனுப்பிய பள்ளிகள் மீண்டும் அனுப்ப வேண்டாம்.

தடித்த எழுத்து ஓரிடத்தில் மட்டும் இருப்பதால் கண் நேராக அங்கே போகிறது. வரி முழுவதும் தடித்திருந்தால் எதுவும் தனித்துத் தெரியாது. அவசரத்தை நேரமே சொல்லிவிடுகிறது. கடைசி வாக்கியம் கடமையை முடித்தவர்களின் பதற்றத்தைப் போக்குகிறது.

எமோஜியில் இன்னொரு சிக்கல் உண்டு. பார்வைக் குறைபாடுள்ள நம் சக ஆசிரியர்கள் திரைவாசிப்பான் வழியாக மடலைக் கேட்கிறார்கள். அது ஒவ்வொரு படத்தின் பெயரையும் வாசிக்கும். ஐந்து கைகூப்பிய படம் போட்டால், அந்தப் பெயரை ஐந்து முறை கேட்க நேரிடலாம். 'தயவுசெய்து' என்ற ஒரு சொல் போதும்.

குறிகளே கூடாது என்று நான் சொல்லவில்லை. கபடியில் வென்ற மாணவிக்கு வாழ்த்து எழுதும்போது ஒரு வியப்புக்குறி அழகுதான். கெடு, கணக்கு, குறைகூறல் ஆகிய மடல்களில்தான் அது அதட்டலாகக் கேட்கும். உரத்த மடல் உங்களுக்கே வந்தால் அதே குரலில் பதில் வேண்டாம். "எந்தப் பட்டியல், எத்தனை மணிக்குள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்" என்று கேளுங்கள். அடுத்த மடலில் அந்த விவரங்கள் வந்துவிடும்.