ஏஜென்டை மாத்தணும், பாலிசி அப்படியே இருக்கணும்

இன்னைக்கு ஒரே ஒரு விஷயம்தான். ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசி நல்லாத்தான் இருக்கு, ஆனா அதைப் பார்த்துக்கிற ஏஜென்ட் சரியில்லை. ஆளை மட்டும் மாத்த முடியுமா? முடியும். எங்க வீட்டில் எப்படி நடந்தது என்பதை வைத்தே சொல்கிறேன்.

அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் சேர்த்து 2019 ஆகஸ்டில் எடுத்த ஃபேமிலி ஃப்ளோட்டர். மதுரையில் இருக்கிறார்கள். எடுத்துக் கொடுத்தவர் வெளியாள் இல்லை, அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, எனக்குச் சித்தப்பா. போன வருஷம் பிப்ரவரியில் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். சித்தப்பாவுக்கு மூணு நாள் போன் அடித்தோம், எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பெண்தான் கேஷ்லெஸ் வேலையை முடித்துக் கொடுத்தார். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னது ஒரே வரி: “இனிமே இவனை நம்பி இருக்க முடியாதுப்பா.”

உடனே அப்பாவுக்குத் தெரிந்த இன்னொரு ஏஜென்டிடம் பேசினோம். அவர் ரொம்ப ஈஸியாகச் சொன்னார்: “அதை விட்டுடுங்க சார், நம்மகிட்ட புதுசா ஒண்ணு போட்டுடலாம்.” இங்கேதான் நின்று யோசிக்கணும்.

ஏஜென்ட் என்பவர் இன்ஷூரன்ஸ் கம்பெனி நியமித்த ஆள். ஒப்பந்தம் உங்களுக்கும் கம்பெனிக்கும்தான். பாலிசியில் அவருடைய கோட் ஒரு வரியில் இருக்கும், ஒவ்வொரு வருஷப் பிரீமியத்திலும் ஒரு பங்கு அந்தக் கோடுக்குக் கமிஷனாகப் போகும். நாம் கேட்பது அந்த ஒரு வரியை மாற்றச் சொல்லித்தான். ஆனால் தனி ஏஜென்ட் ஒருவர் நினைத்த கம்பெனிக்கெல்லாம் வேலை செய்ய முடியாது. ஆயுள் காப்பீட்டில் ஒரு கம்பெனி, பொதுக் காப்பீட்டில் ஒன்று, ஹெல்த் மட்டும் செய்கிற கம்பெனியில் ஒன்று, அவ்வளவுதான். அப்பாவுக்குத் தெரிந்தவர் வேறு கம்பெனி ஆள். அவரால் எங்கள் பாலிசியைத் தொடவே முடியாது. அதனால்தான் “புதுசா போடலாம்” என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல வரலை, அவர் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

புதுசா போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அம்மாவுக்கு பாலிசி எடுப்பதற்கு முன்னாடியிருந்தே சுகர். 2019 பாலிசியில் அதற்கு நாலு வருஷக் காத்திருப்புக் காலம் இருந்தது, அது 2023-இல் முடிந்துவிட்டது. புதுப் பாலிசி என்றால் அந்தக் கணக்கு முதலிலிருந்து ஓடும், இப்போதைய விதிப்படி மூணு வருஷம் வரைக்கும். இன்னொன்று, தொடர்ந்து அஞ்சு வருஷம் ஓடின பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் தவிர, “நீங்க நோயை மறைச்சீங்க” என்று சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது. மொரட்டோரியம் என்பார்கள். எங்களுக்கு அது 2024-இலேயே வந்துவிட்டது. இது எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அறுபதை நெருங்குகிற வயசில், சுகரோடு, போன மாசம் ஆபரேஷன் ஆன ஒருத்தர் புதிதாக விண்ணப்பித்தால் கம்பெனி பிரீமியத்தை ஏற்றலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம்.

போர்ட்டபிலிட்டி இருக்கே என்று கேட்பீர்கள். அது காத்திருப்புக் கணக்கைக் கையோடு எடுத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போவது. அங்கேயும் புதுக் கம்பெனி மறுக்கலாம். எங்களுக்குக் கம்பெனியோடு எந்தச் சண்டையும் இல்லை.

சரி, என்ன செய்தோம்? முதலில் பாலிசி ஷெட்யூலை எடுத்துப் பார்த்தால், பதிவான மொபைல் நம்பர் அப்பாவுடையது இல்லை, சித்தப்பாவுடையது! இது பல வீடுகளில் இருக்கு, தயவுசெய்து உங்க வீட்டிலும் பாருங்க. ஓடிபி, ரினியூவல் நினைவூட்டல், கிளெய்ம் மெசேஜ் எல்லாம் அவருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அதனால் மத்த எதுவும் கேட்பதற்கு முன்னாடி, அடையாள அட்டை நகல் வைத்து நம்பரையும் மெயிலையும் அப்பா பெயருக்கு மாற்றினோம்.

அடுத்தது ஆள். அதே கம்பெனியின் கோட் உள்ள ஒரு அக்கா, அதே ஊரில் கிடைத்தார். அவர் கோட் நம்பரை வாங்கி, கிளை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டோம்.

அப்புறம் கடிதம். இதை எழுத வேண்டியவர் ப்ரொபோசர், அதாவது யார் பெயரில் பாலிசி எடுத்தார்களோ அவர். எங்கள் வீட்டில் அப்பா. பதிவான மெயிலிலிருந்தே போகணும், கையெழுத்து பழைய விண்ணப்பத்தில் இருப்பது மாதிரி இருக்கணும். பாலிசி நம்பர், ரினியூவல் தேதி, பழைய ஏஜென்ட் கோட், புது ஏஜென்ட் பெயர், கோட் எல்லாம் எழுதிவிட்டு அப்பா இப்படி முடித்தார்: “வரும் ரினியூவல் முதல் சர்வீஸிங் ஏஜென்டை மட்டும் மாற்றித் தரவும். பாலிசியை ரத்து செய்யவோ, புதிய பாலிசி எடுக்கவோ நான் கோரவில்லை.” இந்த ரெண்டாவது வாக்கியம் ரொம்ப முக்கியம். அனுப்பினதும் சர்வீஸ் ரிக்வெஸ்ட் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏன் “ரினியூவல் முதல்”? இந்த வருஷப் பிரீமியத்துக்கான கமிஷன் பழையவருக்கு ஏற்கெனவே போயிருக்கும். நடுவில் கேட்டால் பெரும்பாலும் அடுத்த ரினியூவலுக்குத்தான் தள்ளுவார்கள். நாங்கள் ஜூன் மாசமே எழுதினோம். சில கம்பெனிகள் பழைய ஏஜென்டிடம் ஆட்சேபணையில்லாக் கடிதம் கேட்கும். எங்களிடமும் கேட்டார்கள். அதனால சித்தப்பாவிடம் பேசாமல் தப்பிக்க வழியில்லை.

அம்மாதான் பேசினார். சித்தப்பா முதலில், “என்ன அண்ணி, நான் என்ன குறை வெச்சேன்?” என்றார். அம்மா சத்தம் போடவில்லை. “மூணு நாள் போன் அடிச்சோம் தம்பி. நீங்க எடுக்கலை. எனக்கு இன்னொரு தரம் அப்படி ஆனா பயமா இருக்கு.” கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் சித்தப்பாவே சொன்னார், கடையைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கு, ஏஜென்சியை விட்டு ரெண்டு வருஷமா மனசளவில் வெளியே வந்துட்டேன் என்று. கையெழுத்துப் போட்டார். தீபாவளிக்கு வந்தார், ஆனால் முன்ன மாதிரி ரொம்ப நேரம் உட்காரவில்லை. அது நடக்கத்தான் செய்யும்.

ஒருவேளை அவர் மறுத்திருந்தால், கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதலாம். ரெண்டு வாரத்தில் தீர்வு இல்லையென்றால் ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா தளத்தில் புகார் பதியலாம், 155255-க்கும் கூப்பிடலாம். ஆனால் இது முடியட்டும் என்று ரினியூவலை நிறுத்தி வைக்காதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை கட்டுகிற பாலிசியில் 30 நாள் கிரேஸ் உண்டு, அதற்குள் கட்டினால் பழைய கணக்கு உடையாது. ஆனால் கட்டாமல் இருக்கிற அந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கிளெய்ம் கிடையாது. கம்பெனி ஆப்பில் நீங்களே கட்டிவிடுங்கள், ஏஜென்ட் சண்டை தனியாக ஓடட்டும்.

எதை வைத்து மாற்றம் சரியாக நடந்ததென்று தெரிந்துகொள்வது? புது ஏஜென்ட் புது விண்ணப்பப் படிவம் நிரப்பச் சொன்னாலோ, மெடிக்கல் டெஸ்ட் கேட்டாலோ, “முதல் 30 நாள் கவர் இல்லை” என்றாலோ அது ரினியூவலே இல்லை, புதுப் பாலிசி. பணம் கட்டாதீர்கள். எங்களுக்கு ஆகஸ்டில் வந்த ஷெட்யூலில் ஏஜென்ட் வரியில் அக்கா பெயர், முதல் பாலிசி தொடங்கிய தேதி 2019 ஆகஸ்ட், அம்மா பெயருக்கு எதிரில் சுகர் அப்படியே குறிப்பிட்டிருந்தது.

ஆயுள் காப்பீட்டுக் கதை வேறு. அங்கே விற்ற ஏஜென்டின் கோடை மாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை. ஆனால் பிரீமியம் கட்ட, நாமினி மாற்ற, முகவரி மாற்ற ஏஜென்டே தேவையில்லை, கிளையில் நேராகச் செய்யலாம். வேறு ஊருக்குக் குடிபோயிருந்தால் சர்வீஸிங் கிளையை உங்கள் பக்கத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.