முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ்: எண்ணிக்கையும் பயனும்
(நாக்பூர் கிளையின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, மத்திய அரசாங்கத்தில் 34 வருஷம் கணக்கும் ஃபைலும் பார்த்து ரிடையர் ஆனவன். ஆகவே மருந்து மாத்திரை பற்றி நான் பேசப் போவதில்லை. முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் தனியார் சென்டர்கள் விற்கும் பேக்கேஜ்களைக் கணக்குப் பார்க்கிறவன் கண்ணால் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதுதான் விஷயம்.

இப்போது இது ஒரு பரிசுப் பொருளாகவே ஆகிவிட்டது. பெங்களூரிலோ நியூ ஜெர்ஸியிலோ இருக்கும் பிள்ளை, அப்பாவின் சதாபிஷேகத்துக்கு ஒரு பேக்கேஜ் புக் செய்து அனுப்புகிறான். காலை ஆறரை மணிக்கு ஒரு பையன் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறான். சாயங்காலம் செல்போனில் இருபது பக்க ரிப்போர்ட். பிள்ளையின் அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு அந்த வீட்டில் நடப்பதுதான் கவலை.

விளம்பரத்தில் "85 பரிசோதனைகள்" என்று போட்டிருக்கும். அந்த 85 எப்படி வருகிறது என்று பாருங்கள். கொழுப்புப் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். பல லேப்களில் நிஜமாக அளப்பது மூன்றுதான்: மொத்தக் கொலஸ்ட்ரால், எச்.டி.எல்., ட்ரைகிளிசரைட். ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் வி.எல்.டி.எல். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் வி.எல்.டி.எல்.லையும் கழித்தால் எல்.டி.எல். உதாரணமாக மொத்தம் 200, எச்.டி.எல். 45, ட்ரைகிளிசரைட் 150 என்றால், வி.எல்.டி.எல். 30, எல்.டி.எல். 125. இதோடு இரண்டு மூன்று விகிதங்களையும் போட்டால் மூன்று அளவுகள் எட்டு "பரிசோதனை" ஆகிவிடும். சிறுநீரக வரிசையில் யூரியா ஒரு வரி, யூரியா நைட்ரஜன் இன்னொரு வரி. ஒரே எண்ணை 2.14 ஆல் வகுத்தால் மற்றது. மூன்று மாத சர்க்கரை அளவுக்குக் கீழே "சராசரி குளுக்கோஸ்" என்று ஒரு வரி வரும்; அதுவும் சூத்திரத்தில் போட்டு எடுத்ததுதான். என் ஆபீசில் ஒரே செலவை இரண்டு தலைப்பில் காட்டியிருந்தால் ஆடிட் பாரா எழுதியிருப்போம்.

இது பணத்துக்கு வந்த கேடு, அவ்வளவுதான். இதைவிட முக்கியமானது அந்தச் சிவப்பு எழுத்து. "நார்மல்" என்று பக்கத்தில் போட்டிருக்கும் எல்லை எங்கிருந்து வந்தது? பெரும்பாலான பரிசோதனைகளில், ஆரோக்கியமான ஜனங்கள் பலரை அளந்து, நடுவில் வரும் 95 சதவீதம் பேரின் எண்களை நார்மல் என்று வைத்துக்கொள்கிறார்கள். அதாவது, எந்த வியாதியும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேர் ஒவ்வொரு பரிசோதனையிலும் அந்த எல்லைக்கு வெளியேதான் இருப்பார்கள். எல்லையை வரைந்த விதமே அப்படி. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 பரிசோதனைகளை நல்ல ஆரோக்கியமுள்ள ஒருவருக்குச் செய்தால், எல்லாமே நார்மலாக வர வாய்ப்பு 0.95 ஐ இருபது தடவை பெருக்கினால் கிடைக்கும் எண்: 36 சதவீதம். நூறு ஆரோக்கியசாலிகளில் 64 பேருக்கு ஒரு சிவப்பு எழுத்தாவது வரும். நிஜத்தில் பல பரிசோதனைகள் ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்குவதால் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனால் போக்கு இதுதான். பரிசோதனையைக் கூட்டக் கூட்ட, வியாதி கூடாமலே சிவப்பு கூடும்.

கொலஸ்ட்ராலும் மூன்று மாத சர்க்கரையும் இந்தக் கணக்கில் சேராது. அவற்றின் எல்லைகள், எந்த அளவுக்கு மேல் போனால் பின்னால் கெடுதல் வருகிறது என்று பார்த்து வைத்தவை. அங்கே சிவப்பு வந்தால் அலட்சியம் செய்யக்கூடாது.

இனி ஸ்கேன். எனக்குத் தெரிந்த ஒரு சிநேகிதர், வயது 68, சிகரெட் பக்கமே போகாதவர். பெரிய பேக்கேஜ் ஒன்றில் மார்பு சி.டி. ஸ்கேனும் சேர்த்து எடுத்தார்கள். வலது நுரையீரலின் மேல் பகுதியில் 5 மில்லிமீட்டரில் ஒரு கட்டி போன்ற புள்ளி என்று ரிப்போர்ட். மறுநாளே சென்டரிலிருந்து ஒரு பெண் போன் செய்து, "எதற்கும் பெட் ஸ்கேன் எடுத்துவிடுங்கள் சார்" என்றாள். அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் ஒரு நெஞ்சு நோய் டாக்டரிடம் போனார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "பழைய ஸ்கேன் ஏதாவது இருக்கிறதா?" மாமிக்கு ஞாபகம் வந்தது. 2021 இல் கோவிட் வந்தபோது எடுத்த சி.டி.யின் குறுந்தகடு பீரோவில் துணிக்கு அடியில் இருந்தது. பழைய ரிப்போர்ட்டில் இந்தப் புள்ளியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அன்று எல்லோரும் கோவிட்டைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் டாக்டர் ரிப்போர்ட்டை நம்பாமல் படத்தையே திரையில் போட்டுப் பார்த்தார். அதே இடத்தில், அதே 5 மில்லிமீட்டரில் அது இருந்தது.

இது ஏன் நல்ல செய்தி என்றால், அதில் கொஞ்சம் ஜியோமிதி இருக்கிறது. நுரையீரல் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் சுமார் 100 முதல் 400 நாட்களுக்குள் கன அளவில் இரட்டிப்பாகும். கன அளவு இரட்டித்தால் குறுக்களவு 26 சதவீதம்தான் கூடும். 5 மில்லிமீட்டர் 6.3 ஆகும். ஒருவர் அளப்பதற்கும் இன்னொருவர் அளப்பதற்குமே ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம் வரலாம். ஆகவே இரண்டு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் தெரியாது, வீண் பயம்தான். ஆனால் வருஷக்கணக்கில் கெட்டியான ஒரு புள்ளி அசையாமல் இருந்தால் அது பெரும்பாலும் பழைய வடு. நம் தேசத்தில் எப்போதோ வந்து தானே ஆறிப்போன காசநோயின் வடு எத்தனையோ பேர் நுரையீரலில் இருக்கிறது.

பழைய படம் இல்லாவிட்டால்? ஃப்ளைஷ்னர் சொசைட்டி என்ற நிபுணர் சங்கம் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சிகரெட் போன்ற ஆபத்து எதுவும் இல்லாதவருக்கு 6 மில்லிமீட்டருக்குக் குறைவான கெட்டிப் புள்ளி ஒன்று இருந்தால், வழக்கமான தொடர் ஸ்கேன் தேவையில்லை. அந்த பெட் ஸ்கேனும் இங்கே உதவியிருக்காது. 8 மில்லிமீட்டருக்குக் குறைந்ததை அது நம்பகமாகக் காட்டாது. பெரிதாக இருந்தாலும் காசநோயும் அதில் புற்றுநோய் போலவே பளிச்சென்று தெரியும். அதோடு, உடம்பு முழுவதற்கும் ஒரு சி.டி. எடுத்தால் கிடைக்கும் கதிர்வீச்சு சுமார் 10 மில்லிசீவெர்ட் அல்லது அதற்கும் மேல். இயற்கையில் நாம் எல்லோரும் நாலு வருஷத்தில் வாங்குவதை ஒரே காலையில் வாங்கிக்கொள்கிறோம்.

நேர்மையாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பல வருஷம் சிகரெட்டை ஊதித் தள்ளியவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு மார்பு சி.டி. உயிரைக் காப்பாற்றுகிறது. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், அப்படிப்பட்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைந்தது என்று 2011 இல் வெளியிட்டார்கள். அதே மெஷின்தான். யாரை அதில் படுக்க வைக்கிறோம் என்பதில்தான் பயன் இருக்கிறது.

"கண்டுபிடித்தது நல்லதுதானே, முன்னாலேயே தெரிந்ததே" என்று சிலர் கேட்பார்கள். தென்கொரியாவில் நடந்ததைச் சொல்கிறேன். 1999 இல் அந்த அரசாங்கம் சில புற்றுநோய்களுக்குப் பரிசோதனைத் திட்டம் கொண்டுவந்தது. அதில் தைராய்டு இல்லை. ஆனால் சென்டர்கள் "கொஞ்சம் பணம் கூடக் கொடுத்தால் கழுத்துக்கும் ஸ்கேன்" என்று சேர்த்துக்கொண்டன. 2011 இல் தைராய்டு புற்றுநோய் என்று பெயர் வாங்கியவர்களின் விகிதம் 1993 இல் இருந்ததைப் போல் 15 மடங்கு. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 40,000 பேருக்கு மேல். அதனால் இறப்பவர்கள் விகிதமோ மாறவே இல்லை. அதாவது, அந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவை ஆயுசு முழுக்க ஒன்றும் செய்யாமல் கிடந்திருக்கும். கண்டுபிடிக்கப்பட்டவர்களில் அநேகமாக எல்லோருக்கும் ஆபரேஷன் நடந்தது. பெரும்பாலோர் ஆயுசுக்கும் தைராய்டு மாத்திரை, சிலருக்குக் குரல் நரம்பு பாதிப்பு.

சரி, பேக்கேஜே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. அதற்குள் இருக்கும் நாலைந்து விஷயங்கள் தங்கம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், கிரியேட்டினின். இவை வலியில்லாமல் ஏறும். கண்டுபிடித்தால் மருந்து உண்டு. மருந்தால் பக்கவாதமும் மாரடைப்பும் குறைகிறது. சர்க்கரையில் மூன்று மாத அளவு 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு, 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை. இரும்புச் சத்து குறைந்த ரத்தசோகை இருந்தால் இந்த எண் பொய்யாக ஏறிக் காட்டலாம். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரையோ அழுத்தமோ உள்ளவர்களுக்குச் சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் அவசியம். கிரியேட்டினின் ஏறுவதற்கு வெகு முன்பே சிறுநீரகச் சேதத்தை அது காட்டிவிடும். 85 போடும் பேக்கேஜ்கள் பலவற்றில் இது இருக்காது.

ரத்த அழுத்தம் பார்க்கும் விதமும் கவனிக்க வேண்டியது. பட்டினியோடு ஆட்டோவில் விழுந்தடித்துக்கொண்டு போய், காலை மாத்திரையும் போடாமல், உட்கார்ந்தவுடன் பட்டியைச் சுற்றினால் 160 காட்டாமல் என்ன செய்யும்? ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து, கையை மேஜை மேல் இதய மட்டத்தில் வைத்து, இரண்டு தடவை பார்க்க வேண்டும். பட்டினிப் பரிசோதனை அன்று எந்த மாத்திரையைத் தண்ணீரோடு போடலாம், எதை நிறுத்தி வைக்கலாம் என்று முதல் நாளே உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நம் அரசாங்கத் திட்டத்தில் பார்ப்பது ஐந்து: அழுத்தம், சர்க்கரை, வாய்ப் புற்று, மார்பகப் புற்று, கர்ப்பப்பை வாய்ப் புற்று. ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்களில் காசில்லாமல் பார்க்கிறார்கள். இதில் கடைசி மூன்றையும் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கிற பையனால் பார்க்க முடியாது. வாயைத் திறந்து டார்ச் அடித்து ஒருவர் பார்க்க வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். மாமிகளும் கூச்சப்பட்டுக்கொண்டு மற்ற இரண்டையும் தள்ளிப் போடுகிறார்கள்.

பேசுவதற்கு முன்பே ஒரு அன்பர் சீட்டு எழுதிக் கொடுத்தார்: "எனக்கு 74. ப்ராஸ்டேட்டுக்கு பி.எஸ்.ஏ. பேக்கேஜில் இருக்கிறது. எடுக்கலாமா?" தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு 70 வயதுக்கு மேல் இதை வழக்கமாக எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2018 இல் சொல்லியிருக்கிறது. வயதால் வரும் சாதாரண வீக்கத்திலும், சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தாலும் அந்த எண் ஏறும். ஏறினால் அடுத்தது எம்.ஆர்.ஐ., ஊசி வைத்துச் சதை எடுப்பது என்று போகும். சிறுநீர் தடைப்பட்டாலோ, ரத்தம் வந்தாலோ, முதுகெலும்பில் விடாத வலி இருந்தாலோ அது வேறு விஷயம். அன்றே யூராலஜிஸ்ட்டிடம் போங்கள். அப்போது எந்தப் பரிசோதனை வேண்டும் என்பதை அவர் எழுதிக் கொடுப்பார். வேறு கேள்விகள் இருந்தால் காபிக்குப் பிறகு பேசலாம்.