எண்ணுக்கு முன்னால் பெயர்

மாணவி ஒருவர் மேடையில், "சிங்கப்பூரில் வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காடு" என்கிறார். உடனே துறையின் பெயர், அறிக்கையின் முழுத் தலைப்பு, இணைய முகவரி என்று ஒப்பிக்கிறார். அதற்குள் அவையோர் எண்ணையே மறந்துவிடுகிறார்கள்.

மூலத்தை எண்ணுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள்: "2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புள்ளிவிவரத் துறை, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்கள் வீட்டில் அதிகம் பேசும் மொழி எது என்று கேட்டது. 48.3 விழுக்காட்டினருக்கு அது ஆங்கிலம். 2010இல் 32.3 விழுக்காடுதான்."

யார், எப்போது, எதைக் கேட்டார்கள் என்பது கதைபோல் வந்துவிடுகிறது. 'அதிகம்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடக்கூடாது. விட்டால், மற்றவர்கள் வீட்டில் ஆங்கிலமே பேசுவதில்லை என்று பொருளாகிவிடும்.

ஸ்லைடில் எண்ணுக்கு நேர் கீழே 'புள்ளிவிவரத் துறை, 2020' என்ற ஒரு வரி போதும். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் அது தெரிய வேண்டும். பக்க எண்ணும் இணைய முகவரியும் கைப்பிரதிக்குப் போகட்டும். இறுதியில் 'நன்றி: கூகல்' என்று போடுகிறார்களே, அது வேடிக்கை. கூகல் தேடித்தான் கொடுத்தது. வீடு வீடாகக் கணக்கெடுக்கவில்லை! நாளிதழில் பார்த்த எண் என்றால், "நாளிதழ் வழி அறிந்தது" என்று சொல்லிவிடலாம்.

அடுத்து, ஆங்கிலம் ஏன் கூடியது என்று மாணவி காரணம் சொல்லப்போகிறார். அங்கே சற்று நிறுத்தி, "இனி வருவது என் ஊகம்" என்று சொல்லட்டும். இல்லாவிட்டால், துறை சொல்லாத காரணமும் துறையின் பெயரிலேயே சேர்ந்துவிடும்.