காலாவதியான சாரதி அனுமதிப்பத்திரம்: எதை முதலில் எடுப்பது?

சம்பூருக்கும் மூதூருக்கும் திரும்பிய பலரிடம் பழைய சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. அட்டையில் 4b என்ற இடத்திலுள்ள திகதியை முதலில் பாருங்கள். இலகு வாகன அட்டை 8 வருடம்தான் செல்லுபடியாகும். 2010இல் எடுத்தது 2018இலேயே முடிந்துவிட்டது. புதுப்பிக்கும் கட்டணத்தோடு, அந்தத் திகதியிலிருந்து பிந்திய வருடங்களுக்குத் தாமதக் கட்டணமும் சேரும். இடப்பெயர்வில் அட்டை தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் வேண்டும். தேசிய அடையாள அட்டை எப்படியும் தேவை.

மருத்துவச் சான்றிதழை மட்டும் கடைசியாக எடுங்கள். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனம் தரும் அந்தச் சான்றிதழ் 6 மாதம்தான் செல்லும். மற்றப் பத்திரங்களுக்கு அலைந்து திரிவதற்குள் அது முடிந்தால், திரும்பவும் காசு கட்டிச் சோதனைக்கு நிற்க வேண்டும். எல்லாம் கைக்கு வந்தபின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள்.