கிரிஸ்பர் திருத்தும் எழுத்தும் திருத்தாத எழுத்தும்



இங்கே அமர்ந்திருக்கும் மாணவருள் நான்காம் படிவத்தைக் கடந்தவர்கள், பெற்றோர் இசைவுடன் சுகாதாரக் குழுவினரிடம் சிறிது குருதி கொடுத்த நாளை மறந்திருக்க மாட்டார்கள். 2016 முதல் நம் நாட்டுப் பள்ளிகளில் நடைபெற்றுவரும் தலசீமியா சோதனை அது. பலருக்கு 'இயல்பு' என்று முடிவு வரும். சிலருக்கு 'ஹீமோகுளோபின் ஈ கடத்தி' என்று வரும். நம் தென்கிழக்காசிய மண்ணில் அந்த 'ஈ' மிகப் பரவலாகக் காணப்படும் ஒன்று. கிரிஸ்பர் என்னும் கருவியின் வலிமையையும் எல்லையையும் அறிய அந்த ஒரு சொல்லே போதும் என்பதால், இன்றைய உரையை அங்கிருந்தே தொடங்குவோம்.

குருதிச் சிவப்பணுவில் உயிர்வளியைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதன் ஒரு பகுதியான பீட்டா சங்கிலியை எப்படிக் கட்ட வேண்டும் என்ற குறிப்பு நம் மரபணுவில் ஏ, டி, சி, ஜி என்னும் நான்கு எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கிறது. மூன்று எழுத்து சேர்ந்து ஒரு சொல். ஒரு சொல்லுக்கு ஓர் அமினோ அமிலம். இருபத்தாறாம் சொல் 'ஜிஏஜி' என்றிருக்க வேண்டும். அதன் முதல் எழுத்து மாறி 'ஏஏஜி' ஆகிவிட்டால் அதுவே ஹீமோகுளோபின் ஈ. ஏறக்குறைய முந்நூறு கோடி எழுத்துகளில் ஓர் எழுத்துப் பிழை! அப்பிழை அமினோ அமிலத்தை மாற்றுவதோடு நில்லாமல் சங்கிலியின் உற்பத்தியையும் குறைத்துவிடுகிறது. கடத்திக்கு இதனால் துன்பமில்லை. ஆனால் ஈ கடத்தி ஒருவரும் பீட்டா தலசீமியா கடத்தி ஒருவரும் மணந்துகொண்டால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு குறைகளும் ஒன்று சேரும். அப்படிப் பிறக்கும் பிள்ளைகளுள் பலர் வாழ்நாள் முழுதும் பிறர் குருதியை ஏற்றிக்கொண்டே வாழ நேரும்.

இதே சங்கிலியின் ஆறாம் சொல்லும் 'ஜிஏஜி' தான். அங்கே நடு எழுத்து மாறி 'ஜிடிஜி' ஆனால் அரிவாளணு நோய். 1952இல் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர் இருவர் தமிழகத்து நீலகிரி மலைவாழ் மக்களிடையே இந்தக் கூற்றைக் கண்டு வெளியிட்டனர். அதுவரை ஆப்பிரிக்க வழியினரின் நோய் என்றே பெரிதும் கருதப்பட்டு வந்தது, நம் தொப்புள்கொடி உறவின் மலைச்சாரலிலும் இருந்திருக்கிறது.

ஓர் எழுத்துத்தானே பிழை, அதை அழித்துச் சரியான எழுத்தை எழுதிவிடலாமே என்று மாணவர் கேட்பது இயல்பு. செய்தித்தாள்களும் கிரிஸ்பர் அப்படித்தான் செய்கிறது என்று எழுதுகின்றன. உண்மையில் 2012இல் ஷார்பென்டியே, டௌட்னா ஆகியோர் வெளியிட்ட கருவிக்கு எழுதத் தெரியாது, வெட்டத்தான் தெரியும்.

அதன் வேலையைப் பார்ப்போம். காஸ்9 என்னும் புரதம் கத்திரி. அதனோடு ஓர் ஆர்.என்.ஏ. இழை பிணைந்திருக்கும், அதில் இருபது எழுத்து கொண்ட ஒரு முகவரி உண்டு. அம்முகவரிக்குப் பொருந்தும் இடத்தை மரபணுவில் கண்டதும் கத்திரி இரு இழைகளையும் வெட்டும். முகவரியை ஒட்டி, ஓர் எழுத்து தள்ளி, இரண்டு 'ஜி' அடுத்தடுத்து இருந்தால்தான் கத்திரி வாய் திறக்கும் என்பதும் ஒரு நிபந்தனை. வெட்டியதோடு கிரிஸ்பரின் பணி முடிந்தது. எஞ்சியதைச் செய்வது உயிரணுவே. அறுந்த இழை உயிரணுவுக்கு ஆபத்து; ஆகவே அது முனைகளை அவசர அவசரமாக ஒட்டுகிறது. ஒட்டும்போது சில எழுத்துகள் விடுபடும், சில நுழையும். விளைவு, அவ்விடத்துச் சொல் குலைந்துபோகும். சரியான படி ஒன்றை உடன் அனுப்பினால் உயிரணு அதைப் பார்த்து எழுதுவதும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் பிரிந்து பெருகும் உயிரணுக்களில் நடக்கும் செயல். குருதியின் ஊற்றான குருத்தணுக்களோ எலும்பு மச்சையில் பெரும்பாலும் உறங்கிக் கிடப்பவை. அவை பார்த்து எழுதுவது குறைவு.

குலைக்க மட்டுமே தெரிந்த கருவியால் நோயை எப்படித் தீர்ப்பது? இங்கேதான் ஆய்வாளரின் கூர்மதி வெளிப்பட்டது. அவர்கள் பிழையான எழுத்தைத் தொடவே இல்லை. நாம் கருவில் இருக்கும்போது நமக்கு வேறு ஒரு ஹீமோகுளோபின் இருந்தது. பிறந்த சில மாதங்களில் அது அடங்கிவிடும். அதை அடக்கும் புரதத்தின் பெயர் பிசிஎல்11ஏ. அந்த அடக்கியைத் தடுத்தால் கருக்கால ஹீமோகுளோபின் மீண்டும் ஊறும். பிழையான சங்கிலியின் குறையை அது ஈடுசெய்யும். ஆனால் பிசிஎல்11ஏ மூளைக்கும் நோய் எதிர்ப்பணுக்களுக்கும் வேண்டிய ஒன்று. முழுதும் அழித்துவிட முடியாது. ஆகவே சிவப்பணுக்களில் மட்டும் அதைத் தூண்டிவிடும் சிறு பகுதி ஒன்றைத் தேடிக் கண்டு, அங்கே கத்திரியை வைத்தார்கள். குலைப்பதே நோக்கமாகிவிட்டதால் கருவியின் குறையே பயனாக மாறியது.

2019இல் அமெரிக்காவின் மிசிசிப்பியைச் சேர்ந்த விக்டோரியா கிரே என்பவர், அந்நாட்டில் இம்முறையில் அரிவாளணு நோய்க்குச் சிகிச்சை பெற்ற முதல்வரானார். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் 'காஸ்கெவி' என்ற பெயரில் இதை ஏற்றன. அமெரிக்க ஒப்புதலின்போது, போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 அரிவாளணு நோயாளருள் 29 பேர் தொடர்ந்து ஓராண்டேனும் கடும் வலித்தாக்குதல் இன்றி இருந்தனர். குருதி ஏற்றியே வாழ்ந்த பீட்டா தலசீமியா நோயாளருக்கும் 2024 சனவரியில் அங்கே ஒப்புதல் கிடைத்தது. எனினும் அவர்கள் மரபணுவில் அந்தப் பழைய பிழை இன்றும் அப்படியே இருக்கிறது என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

பிழையையே திருத்தும் வழி பின்னர் வந்தது. டேவிட் லியூ குழுவினர் 2016, 2017ஆம் ஆண்டுகளில் காஸ்9-இன் வெட்டும் ஆற்றலை முடக்கி, அதனோடு எழுத்தை வேதியியல் முறையில் மாற்றும் நொதியைப் பூட்டினர். இதை எழுத்துமாற்றி என்று சொல்லலாம். ஆனால் இதற்கும் எல்லா மாற்றமும் கைவராது. ஓர் எழுத்தை இன்னோர் எழுத்தாக்கும் வழிகள் பன்னிரண்டு. இந்த எழுத்துமாற்றிகள் செய்வன நான்கே: ஏ-யை ஜி ஆக்கும், சி-யை டி ஆக்கும், எதிர் இழையில் வேலை செய்தால் டி-யைச் சி ஆக்கும், ஜி-யை ஏ ஆக்கும்.

இப்போது நம் இரு பிழைகளுக்கும் திரும்புவோம். ஹீமோகுளோபின் ஈ-யில் ஜி இருந்த இடத்தில் ஏ வந்தது. அந்த ஏ-யை மீண்டும் ஜி ஆக்கினால் போதும். எழுத்துமாற்றி செய்யக்கூடிய வேலை அது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் 2023இல் நோயாளரின் உயிரணுக்களில் இதைச் செய்து காட்டினர். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. 'ஏஏஜி'யில் இரண்டு ஏ அருகருகே உள்ளன. நொதி பக்கத்து ஏ-யையும் சேர்த்து மாற்றிவிட்டால் 'ஜிஜிஜி' ஆகிவிடும். நல்வாய்ப்பாக அப்படியொரு ஹீமோகுளோபினோடு இயற்கையாகவே நலமாக வாழ்வோர் உண்டு.

அரிவாளணு நோயிலோ ஏ இருந்த இடத்தில் டி வந்துவிட்டது. டி-யை ஏ ஆக்குவது அந்த நான்கில் இல்லை. செய்ய முடிந்தது டி-யைச் சி ஆக்குவது மட்டும். அப்போது சொல் 'ஜிசிஜி' ஆகும். அது சரியான சொல்லும் அன்று, நோய் தரும் சொல்லும் அன்று. அந்தச் சொல்லோடு வாழும் மனிதர் முதன்முதலில் கண்டறியப்பட்ட இடம் நம் அண்டை நாட்டுச் சுலாவேசித் தீவின் மக்காசார் நகரம். ஆகவே அதற்கு ஹீமோகுளோபின் மக்காசார் என்று பெயர். பின்னர் நம் மலேசியாவிலும் அது காணப்பட்டது. 2021இல் அமெரிக்க ஆய்வாளர் அரிவாளணு நோயாளரின் குருத்தணுக்களில் மக்காசார் சொல்லை எழுதி, அவற்றை எலிகளில் வைத்துச் சோதித்தனர். அரிவாள் வடிவம் கொள்ளும் சிவப்பணுக்கள் வெகுவாகக் குறைந்தன. பன்னிரண்டு மாற்றங்களையும் எழுதவல்ல வேறொரு கருவி 2019இல் வந்துள்ளது. அரிவாளணு நோயைப் பொறுத்தவரை அது இன்னும் ஆய்வுக் கட்டத்திலேயே இருக்கிறது.

எழுத்து ஒருபுறம் இருக்க, முகவரித் தொல்லை ஒன்றும் உண்டு. 'சிம்பாங் அம்பாட்' என்று மட்டும் எழுதிக் கடிதம் போட்டால் அது நம்மூருக்கும் வரலாம், மலாக்காவில் உள்ள சிம்பாங் அம்பாட்டுக்கும் போகலாம். இருபது எழுத்து முகவரிக்கும் ஏறத்தாழ ஒத்த இடங்கள் மரபணுவில் வேறெங்கோ இருக்கக்கூடும். கத்திரி அங்கும் வெட்டிவிடும். இதை நோயாளரின் உடலைப் பார்த்து அறிய முடியாது. ஒத்த இடங்களைக் கணினியில் தேடிப் பட்டியலிட்டு, திருத்திய உயிரணுக்களில் அவ்விடங்களை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தே அறிய வேண்டும். அரிதாகவும் காலந்தாழ்த்தும் வரக்கூடிய தீங்கு அப்போதும் தப்பலாம் என்பதால்தான் சிகிச்சை பெற்றவர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய தடை, கருவி உயிரணுவுக்குள் சென்று சேர்வதுதான். ஊசியில் ஏற்றினால் அது மச்சையில் உள்ள குருத்தணுவைத் தேடிப் போகாது. கொழுப்புத் துளியில் பொதிந்து குருதியில் விட்டால் பெரும்பகுதி கல்லீரலுக்கே சென்றுவிடும். 2025இல் பிலடெல்பியாவில் அரிய கல்லீரல் நொதிக் குறையோடு பிறந்த குழந்தைக்கென்றே எழுத்துமாற்றி ஒன்று சில மாதங்களில் செய்யப்பட்டது. நோய் கல்லீரலில் இருந்ததால் அது எளிதாக இலக்கை அடைந்தது. குருதி நோயாளருக்கு அந்தக் குறுக்குவழி இன்று இல்லை. அவர்களின் குருத்தணுக்களை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் மின்துடிப்பால் கருவியை உட்புகுத்தித் திருத்தி, மீண்டும் உடலில் ஏற்ற வேண்டும். அதற்குமுன் மச்சையில் எஞ்சியிருக்கும் பழைய குருத்தணுக்களைக் கடும் வேதிமருந்தால் அழித்து இடம் ஒழிக்க வேண்டும். வாரக்கணக்கில் மருத்துவமனை, முடி உதிர்தல், மகப்பேற்றுத் திறன் இழக்கும் வாய்ப்பு ஆகியவை அந்த மருந்தின் விலை, கிரிஸ்பரின் தவறன்று. பண விலையோ அமெரிக்காவில் ஒருவருக்கு 22 இலட்சம் டாலர். குருதி ஏற்றி ஏற்றி இதயத்திலும் கல்லீரலிலும் ஏற்கெனவே தேங்கிய இரும்பையும் இச்சிகிச்சை அகற்றாது. அதற்கு வேறு மருந்து தொடர வேண்டும்.

நான்காம் படிவ மாணவருக்காக இன்னும் ஒன்று. திருத்தப்படுவது குருதியின் குருத்தணு மட்டுமே. கருமுட்டையும் விந்தணுவும் பழைய எழுத்தையே தாங்கி நிற்கும். வருங்காலத்தில் எழுத்துமாற்றியால் ஈ-யைத் திருத்திக்கொண்ட ஒருவர் இதே குருதிச் சோதனைக்குக் கையை நீட்டினால், அட்டையில் 'பீட்டா தலசீமியா கடத்தி' என்று மட்டும் வரக்கூடும். ஆனால் அவர் தம் பிள்ளைக்குக் கொடுப்பது பழைய 'ஏஏஜி'யாகவும் இருக்கலாம். அத்தகையவர் மணம் பேசும்போது காட்ட வேண்டியது, சிகிச்சைக்கு முன் பெற்ற அந்தப் பழைய அட்டையைத்தான்.