குனிந்த முதுகுக்கு ஒரு பாட்டு
(ஹட்டன் இலக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பின்னால் நிற்கிற தம்பிமார் முன்னால் வாருங்கள். இன்றைக்கு நான் பேசப்போகிறவன் மட்டும் இல்லை, பாட்டுக்கு எதிர்க்குரல் கேட்கப்போகிறவனும்தான். குரல் கொடுக்காதவர்களுக்குத் தேநீர் கிடையாது!

நடவுப் பாட்டு எழுதுவது பற்றிப் பேசு என்றார்கள். உடனே ஒரு பெரிய மனிதர் கேட்டார்: "மலையகத்தில் ஏது வயல்? தேயிலைக்காரனுக்கு எதற்கு நாற்றுப் பாட்டு?" பேர் சொல்ல மாட்டேன். அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஐயா, பூண்டுலோயாவிலிருந்து கீழே இறங்கிப் பாருங்கள். கொத்மலைப் பள்ளத்தில் படிப்படியாக வயல் இருக்கிறது. நீர்த்தேக்கத்துக்கடியில் போனது போக மிச்சம் இருக்கிறது. தோட்டத்தில் வேலை குறைந்த நாளில் நம் பெண்கள் அந்த வயலில்தான் கூலிக்கு இறங்குகிறார்கள். 1977க்கு முன்னும் பின்னும் அடிபட்டு வன்னிக்குப் போன நம் சனத்தில் எத்தனை பேர் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சேற்றில் கால் வைத்தார்கள்! அதற்கும் முன்னால் போங்கள். 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோமே, அந்த இருநூறு வருஷத்துக்கு முன்னால் நம் பாட்டன் பாட்டி கையில் என்ன இருந்தது? திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் இராமநாதபுரத்திலும் நெல் நட்ட கை அது. தேயிலை அதற்குப் பிறகு வந்தது.

(கைதட்டல்)

கைதட்டலை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

மடக்கொம்பரையில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். நடேசய்யரோடு மேடை மேடையாய் ஏறி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் துயரத்தைப் பாடினார். அவர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் எனக்குள் ஒரு ஆத்திரம் உண்டு. பொதுவாக நாட்டார் பாட்டு என்று அச்சடிக்கிற புத்தகங்களைத் திறந்து பாருங்கள். தொகுத்தவர் பேர் அட்டையில், அச்சகத்தின் பேர் பின்னால். பாடியவள் பேர்? பக்கம் பக்கமாய்த் தேடுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டி இருந்தார். அவர் பாட்டைத்தான் நான் இன்றைக்குப் பேசுகிறேன். பேரைச் சொன்னால் அந்தக் குடும்பம் கூச்சப்படும், அதனால் பாட்டி என்றே சொல்கிறேன்.

அந்தப் பாட்டி சொன்ன முதல் பாடம் இது. கொழுந்து எடுக்கிறவள் நிமிர்ந்து நிற்கிறாள். கூடை முதுகில், வாய் சும்மா. ஒருத்திக்கும் அடுத்தவளுக்கும் நடுவில் ஒரு செடிநிரை. அதனால் தேயிலைப் பாட்டு பெரும்பாலும் ஒற்றைக் குரல். தெம்மாங்கு மாதிரி இழுக்கலாம், ஒப்பாரி மாதிரி அழலாம். வயலில் அது நடக்காது. பத்துப் பேர் தோளோடு தோள் சேர்ந்து, குனிந்து, பின்பக்கமாய் அடி வைக்கிறார்கள். நெஞ்சு மடங்கியிருக்கிறது, வயிறு நசுங்கியிருக்கிறது. அவளிடம் நீளமான வரி கொடுத்தால் பாதியில் மூச்சு போய்விடும்.

அதனால் பாட்டை எழுதுவதற்கு முன்னால் கையை எண்ண வேண்டும். இடது கையில் நாற்றுக் கட்டு. வலது கை அதிலிருந்து இரண்டு மூன்று நாற்றைப் பிரித்து, விரலால் சேற்றில் குத்துகிறது. நின்ற இடத்திலிருந்து இடமிருந்து வலமாக ஒருத்தி எட்டுவது ஆறு குத்து. அப்புறம் ஒரு அடி பின்னால். மறுபடியும் ஆறு. ஆகவே அழைப்பு ஆறு சீர், மூன்று மூன்றாய். பதில் சின்னது, அது பின்னால் அடி வைக்கிற நேரம். கேளுங்கள், இந்த வரியை நான் அந்தப் பெண்களோடு சேர்ந்து கட்டினேன்:

"மேட்டு லயத்து மாரியம்மா – கீழ் வயலுக்கு வாருமம்மா!"

நீங்கள் என்ன சொல்ல வேண்டும்? "பொலி தாயே, பொலி!" சொல்லுங்கள்!

(கூட்டம்: பொலி தாயே, பொலி!)

இது போதாது, நுவரெலியாவுக்குக் கேட்க வேண்டும்!

(கூட்டம்: பொலி தாயே, பொலி!)

பாருங்கள், "தாயே" என்று ஏகாரம் நீளும்போது மடங்கிய நெஞ்சு கொஞ்சம் திறக்கிறது. காலும் அடி மாறுகிறது. சாமி பேர் அங்கே மூச்சு விடுகிற இடமாகவும் இருக்கிறது. பொலி நமக்குப் புதிதா? கொழுந்துக்குக் கை வைக்கும்போது பொலி சொல்லித்தானே தொடங்குவார்கள்! கவ்வாத்துக்கு முன்னால் கவ்வாத்துச் சாமி, தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதை முனி. வேலைக்கு வேலை சாமி வைத்த சனம் நாம்.

இந்த இடத்தில் எனக்கு ஒருவர் ஞாபகம் வருகிறார். பெரிய கவிஞர். அவரும் நடவுப் பாட்டு எழுதினார். கணினி இசை, ஒலிப்பதிவு, எல்லாம் உண்டு. "செந்நெல் மணிகள் சிரித்திடும் வயலில் சேயிழை மாதர்" என்கிற மாதிரி போகும், எட்டுச் சீர், பத்துச் சீர். அதை ஒரு தடவை வயலில் போட்டுக் காட்டினார்கள். என்ன நடந்தது தெரியுமா? சுறுசுறுப்பான இரண்டு பேர் பாட்டோடு ஓடினார்கள், மற்றவர்கள் பின்தங்கினார்கள். நேராக இருந்த வரிசை வில்லாய் வளைந்தது. அவசரத்தில் குத்திய நாற்று மண்ணைப் பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் தண்ணீர் மேல் மிதந்தது. விட்ட இடத்தை நிரப்ப இன்னொரு நாள் கூலி. மிதந்த நாற்றைக் காட்டி அந்தப் பாட்டி சொன்னார்: "பாட்டு தப்பா இருந்தா காலையில தண்ணி சொல்லும்." இதற்கு மேல் விமர்சகர் வேண்டுமா?

(சிரிப்பு, கைதட்டல்)

அவருக்கு விருது கிடைத்தது. பாட்டிக்கு? விடுங்கள். இல்லை, விட முடியவில்லை. பிறகு வருகிறேன்.

தொடக்கத்துக்குப் போவோம். முதல் நாற்றை யார் வேண்டுமானாலும் வைக்க முடியாது. வயதில் மூத்தவள், சனி மூலையில், சேற்றுப் பிள்ளையார் பிடித்து அறுகம்புல் சொருகி, கிழக்குப் பார்த்து நட வேண்டும். குலவை அங்கே. காப்பு வரி இரண்டு மூன்று போதும். சில பேர் முப்பது வரி சாமி கும்பிடுகிறார்கள். அதற்குள் தண்ணீர் வற்றிவிடும், கங்காணி கத்துவான். முதலில் மாரியம்மன். அடுத்த வரி:

"பத்தினி அம்மா பார்த்திருக்க – பள்ளத்து வயல் பச்சைகட்ட!"

ஏன் பத்தினி? அந்த வயலில் சிங்களப் பெண்களும் குனிந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நெலும் கவி என்று நடவுக்கும் களையெடுப்புக்குமான சொந்தப் பாட்டு உண்டு. பத்தினித் தெய்வம் அவர்களுக்கும் தாய், நம் கண்ணகியும் அவளே. வேதக்கார அக்காமார் இருந்தால் அவர்களும் தாயே சொல்லலாம். அழைப்பு நம் மொழியில் போகட்டும். பதில் இரண்டே சொல், ஒரு நாளில் எவரும் கற்றுக்கொள்வார்கள். எதிர்க்குரலைச் சின்னதாக வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாமி வரி முடிந்ததும் பாட்டு சேற்றுக்குள் இறங்க வேண்டும். புதிதாய் வந்த பிள்ளை ஆழமாய்க் குத்துவாள். ஆழம் போன நாற்று தூர் கட்டப் பிந்தும். ஓர் அங்குலம் போதும். அதைத் திட்டிச் சொன்னால் அழுவாள். பாட்டில் சொன்னால் கேட்பாள்:

"மூணு நாத்து போதும்புள்ள – ஆழம் வேணாம் மேலவையி!"

இங்கே பதிலை மாற்றுங்கள்: "மேலவையி, மேல!" எல்லோரும் அதைச் சொல்லும்போது யாரையும் சுட்டவில்லை, ஆனால் எல்லோருடைய கையும் திருந்துகிறது. வரிசை வளைந்தாலும் முன்பாட்டுக்காரி அதே தாளத்தில் இப்படி இடுவாள்:

"வரம்போரத்து அக்கா பாரு – வரிசை கொஞ்சம் வளையுதடி!"

இந்த மாதிரி வரிக்கு எழுதுகிறவன் இடம் விட வேண்டும். தாளத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு, நாலு வரிக்கு ஒரு வரி காலியாக விடுங்கள். அதை அவள் நிரப்புவாள், வயலைப் பார்த்து, வானத்தைப் பார்த்து, முதலாளி முகத்தைப் பார்த்து. அந்தப் பாட்டியின் திறமை முழுக்க அந்தக் காலி இடத்தில்தான் இருந்தது. புத்தகத்தில் அச்சடித்தவர்கள் எழுதிய வரியை எடுத்துக்கொண்டார்கள். காலி இடத்தை எங்கே கொண்டுபோய் அடிப்பது?

மத்தியானத்துக்குப் பிறகு முதுகு கேட்காது. அப்போது மறுபடியும் சாமி வர வேண்டும், வேகம் குறைய வேண்டும். காலையில் ஆறு குத்துக்கு ஒரு பதில் என்றால், மதியத்தில் பதிலை இரண்டு தடவை சொல்ல வையுங்கள். முதல் தடவைக்கு இடுப்பை நிமிர்த்தலாம், இரண்டாம் தடவைக்கு அடி வைக்கலாம். குழுவில் பதில் அழைப்பை முந்திக்கொண்டு வந்தால், அல்லது மெலிந்து மெலிந்து போனால், அவர்கள் களைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். முன்பாட்டுக்காரி அதைக் காதால் தெரிந்துகொண்டு தேநீர் கேட்பாள், கூலியும் கேட்பாள். எப்படிக் கேட்பாள்? பாட்டில்தான்!

"வெத்திலை தந்த கையாலே – கூலி சேர்த்துத் தாருமய்யா!"

(பலத்த கைதட்டல், விசில்)

சில பேர் இந்த வரியை வெட்டச் சொன்னார்கள். சாமிப் பாட்டில் கூலி எதற்கு, அபச்சாரம் என்றார்கள். மாரியம்மனைச் சாட்சி வைக்காமல் கூலியை யாரிடம் கேட்பது? பேர் வெட்டுகிறவனிடமா? அரைப்பேர் போட்டுவிட்டு முழு நாள் வேலை வாங்குகிறவனிடமா? வெட்டமாட்டேன். இந்த மேடையில் சத்தியமாய்ச் சொல்கிறேன், வெட்டமாட்டேன்!

இதைக் கேட்கிற இளம் கவிஞர்களே, இலங்கையில் பெரும்பாலான வயலில் இன்றைக்கு வீச்சு விதைப்புதான். இயந்திரம் வந்த இடத்தில் கை நடவு குறைகிறது. இன்னும் குனிந்து நடுகிற இடத்துக்குப் போய் எழுதுங்கள். பேனாவை மடியில் சொருகிக்கொண்டு ஒரு நாள் அந்த நிரையில் நில்லுங்கள். எழுதியதைப் பத்துப் பெண்களிடம் பாடிக் காட்டுங்கள். இரண்டாம் தடவை சொல்லும்போது அவர்கள் வாயில் மாறி வருகிற சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் சொல்லை எறிந்துவிடுங்கள்.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வார்த்தை. மலர் போடுகிறீர்கள், பாட்டையும் போடுகிறோம் என்று வாக்குத் தந்தீர்கள். சந்தோஷம். என் பேரைச் சின்ன எழுத்தில் போடுங்கள். பாடிய பத்துப் பேரிடமும் போய்ச் சம்மதம் கேளுங்கள். சம்மதித்தவர்களின் பேரைப் பெரிய எழுத்தில் போடுங்கள். அந்தப் பாட்டியின் மகளிடம் முதலில் போங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்த வரிகளும் வேண்டாம்.

இப்போது கடைசி வரி. கரையேறும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்துப் பெண் ஒரு நிரை கூடுதலாய் நடுவாள். அதனால் முடிவை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்:

"கடைசி நாத்து கையிலம்மா – கரையில் ஏறக் காலெடம்மா!"

தப்பை எடுங்கள் தம்பி. எல்லோரும் எழுந்து நில்லுங்கள், மூன்று தடவை!

(கூட்டம் எழுந்து: பொலி தாயே, பொலி! பொலி தாயே, பொலி! பொலி தாயே, பொலி!)