வயதுக் கணக்கில் மாறாத ஒன்று



குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளுக்கு மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 நொடிதான். அந்த 200-இல் 25 கேள்விகள் திறனறிவுக் கணக்கு. விகிதம் என்ற தலைப்பில் வருகிற வயதுக் கணக்கைப் பார்த்ததும் நிறையப் பேர் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அவிநாசி பக்கம் சேவூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பகலில் பனியன் கம்பெனி வேலை, இரவில் தேர்வுப் படிப்பு என்று இருக்கிற பிள்ளைகளிடம் இதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். விட்டுவிட வேண்டிய கணக்கல்ல இது. ஒரே ஒரு விஷயம் பிடிபட்டால் போதும்.

அந்த விஷயத்தைச் சம்பளத்தை வைத்துச் சொல்கிறேன். ஒரு டெய்லருக்கு நாள் சம்பளம் 600 ரூபாய், ஹெல்பருக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 3:2. இருவருக்கும் பத்து சதவீதம் உயர்வு கொடுத்தால் 660, 440. விகிதம் அதே 3:2. ஆனால் இடைவெளி 200-லிருந்து 220 ஆகிவிட்டது. சதவீதத்துக்குப் பதிலாக ஆளுக்கு 60 ரூபாய் என்று ஒரே தொகையாகக் கொடுத்தால் 660, 460. இப்போது இடைவெளி அதே 200, விகிதம்தான் மாறிவிட்டது. வயது ஏறுவது இந்த இரண்டாவது வகை. அம்மாவுக்கும் மகளுக்கும் வருடத்துக்கு ஒரு வயதுதான் கூடும். வித்தியாசம் கடைசி வரை மாறாது. விகிதம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே வரும். 3:1 ஆக இருந்தது 2:1 ஆகும், பிறகு 3:2 ஆகும். 1:1 என்பதை நெருங்கிக்கொண்டே போகுமே தவிர, அதைத் தொடவே தொடாது.

இனி ஒரு கணக்கு. கையில் பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அம்மா, மகள் வயது விகிதம் 3:1. இன்னும் பத்து ஆண்டுகள் கழித்து விகிதம் 2:1. மகளுக்கு இப்போது என்ன வயது?

சேவூரில் செக்கிங் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி இதைப் போட்டுக் காட்டினாள். மூன்று பங்கு அம்மா, ஒரு பங்கு மகள் என்று சரியாகவே ஆரம்பித்தாள். பத்து ஆண்டுகள் கழித்து என்று இருப்பதால் இரண்டு பக்கமும் பத்தைக் கூட்டினாள்.

3x + 10 = 2(x + 10)

x பத்து என்று வந்தது. அது ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய வயது, ஆகவே இப்போது 15 என்று எழுதினாள். "வந்துருச்சுங்க சார், ஆப்ஷன்லயும் இருக்குதுங்க" என்றாள்.

"சரிபார்த்தாயா கண்ணு? அம்மாவுக்கு இப்போது என்ன வயது?"

"முப்பத்தஞ்சுங்க."

"பத்து வருடம் கழித்து?"

"நாப்பத்தஞ்சு. மகளுக்கு இருபத்தஞ்சு." அதற்கு மேல் பேசவில்லை. 45-க்கும் 25-க்கும் 2:1 எங்கே வருகிறது?

x என்பது ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய வயது. அங்கிருந்து பத்து ஆண்டுகள் கழித்து என்கிற நாளுக்குப் போக, முதலில் ஐந்து ஆண்டுகள் நடந்து இன்றைக்கு வர வேண்டும், பிறகு பத்து. மொத்தம் 15.

3x + 15 = 2(x + 15)

அடைப்பை நீக்கினால் 3x + 15 = 2x + 30. x = 15. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்கு 45, மகளுக்கு 15. இன்று 50, 20. பத்து ஆண்டுகள் கழித்து 60, 30. விடை 20. சமன்பாட்டைச் சரியாக எழுதியவர்களும் x பதினைந்து என்றதும் அதையே விடையாகக் குறித்துவிடுவது உண்டு. தப்பாகக் கூட்டினாலும் 15 வருகிறது, சரியாகக் கூட்டிப் பாதியில் நின்றாலும் 15 வருகிறது. கேள்வி தயாரிப்பவர் 15-ஐ விடைப் பட்டியலில் வைக்காமல் இருப்பாரா? x எழுதும்போதே பக்கத்தில் 'ஐந்து ஆண்டுக்கு முன் மகள்' என்று எழுதி வையுங்கள். அந்தச் சின்னக் குறிப்பு இரண்டு தவறையும் தடுத்துவிடும்.

இதே கணக்கை x இல்லாமலும் போடலாம். 3:1-இல் வித்தியாசம் இரண்டு பாகம். 2:1-இல் ஒரு பாகம். வயது வித்தியாசம் மாறக் கூடாது என்று சொன்னோம். ஆகவே இரண்டாவது விகிதத்தை இரண்டால் பெருக்கி 4:2 ஆக்குங்கள். இப்போது இரண்டிலும் வித்தியாசம் இரண்டு பாகம். அம்மா மூன்றிலிருந்து நான்குக்குப் போகிறார், மகள் ஒன்றிலிருந்து இரண்டுக்கு. ஆளுக்கு ஒரு பாகம் ஏற்றம். இடைப்பட்ட காலம் 15 ஆண்டு. ஒரு பாகம் 15. அது ஐந்து ஆண்டுகளுக்கு முன் மகளின் வயது, இப்போது 20. முடிந்தது.

இன்னொன்று. இப்போது 7:2, பன்னிரண்டு ஆண்டு கழித்து 2:1. வித்தியாசம் ஐந்து பாகம், ஒரு பாகம். இரண்டாவதை 10:5 ஆக்கினால் ஏழு பத்தாகிறது, இரண்டு ஐந்தாகிறது. மூன்று பாகம் ஏற்றம், பன்னிரண்டு ஆண்டு. ஒரு பாகம் நான்கு. இப்போது 28, 8. பன்னிரண்டைக் கூட்டினால் 40, 20. இருவருக்கும் ஏறுகிற பாகம் சமமாக இல்லாவிட்டால் எங்கேயோ பெருக்கியதில் பிசகு என்று உடனே தெரிந்துவிடும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பயிற்சி மையங்களில் இதைத்தான் ஷார்ட்கட் என்று முதலில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதில் எனக்குச் சம்மதமில்லை. கேள்வி கொஞ்சம் திரும்பினால் பாகம் கைகொடுக்காது. அம்மா, மகள் வயதின் கூட்டுத்தொகை இப்போது 70, பத்து ஆண்டு கழித்து விகிதம் 2:1 என்று கேட்டால், ஒப்பிடுவதற்கு இரண்டு விகிதம் இல்லை. இங்கே ஆளுக்குப் பத்து என்று கூட்டுத்தொகை இருபது ஏறி 90 ஆகும். அதை 2:1 ஆகப் பிரித்தால் 60, 30. இப்போது 50, 20. பத்தை மட்டும் கூட்டி 80 என்று எடுத்தால் மூன்றால் வகுபடாது. அங்கேயே நின்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

சில கேள்விகளே தப்பாக வரும். இப்போது 2:1, ஆறு ஆண்டு கழித்து 3:1 என்று ஒரு மாதிரித் தாளில் இருந்தால் பேனாவை எடுக்கவே வேண்டாம். விகிதம் விரிந்துகொண்டு போகாது. சமன்பாடு போட்டால் x குறை பன்னிரண்டு என்று வரும். இன்னொரு வகை, விடை வரும், வாழ்க்கைக்குப் பொருந்தாது. இப்போது 4:1, இரண்டு ஆண்டு கழித்து 3:1 என்றால் அம்மாவுக்கு 16, மகளுக்கு 4. பன்னிரண்டு வயதில் பிள்ளை பெற்றவளா? தேர்வில் அதையே குறித்துவிட்டு வாருங்கள், வேறு வழியில்லை. ஆனால் கேள்வி தயாரிக்கிற ஆசிரியர்களே, விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வித்தியாசத்தையும் ஒரு முறை பாருங்கள். அந்த வித்தியாசம்தான் அந்த அம்மா தாயான வயது.

படிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது. எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் இயற்கணிதப் பாடத்தைத் திரும்ப எடுங்கள். ஒரு வாரம் சமன்பாடு எழுதியே போடுங்கள். பாக முறைக்கு அடுத்த வாரம் வாருங்கள். தேர்வறையில் எந்த முறையில் போட்டாலும், கிடைத்த இரண்டு வயதையும் கேள்வியில் வைத்துப் பார்க்கப் பத்து நொடி ஒதுக்குங்கள். 54 நொடியில் அதற்கு இடம் இருக்கிறது.